95 யாருக்குச் சொந்தம்? நம்பிக்கை இடைவெளியைப் படிப்பது எப்படி

கேள்வி: ஐயா, எங்கள் புள்ளியியல் வகுப்புக் குறிப்பில் ஒரு கணக்கு. 25 மூட்டை பசுந்தேயிலையை எடை போட்டதில் சராசரி 31.2 கிலோ, திட்டவிலக்கம் 2.5 கிலோ, 95% நம்பிக்கை இடைவெளி 30.17 முதல் 32.23 வரை. "உண்மைச் சராசரி இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்க நிகழ்தகவு 0.95" என்று தேர்வில் எழுதினேன். சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். என் தோழி "95% மூட்டைகளின் எடை இதற்குள் இருக்கும்" என்று எழுதினாள், அவளுக்கும் அதே கதி. குறிப்பில் P என்று போட்டு 0.95 என்றுதானே இருக்கிறது? எங்களுக்குச் சின்னதாகத் தேயிலைத் தோட்டம் உண்டு. அப்பாவிடம் இதைச் சொன்னால், "அப்போ அந்த 95 எதுக்குத்தான் பிரயோஜனம்?" என்கிறார். எதை எழுதினால் சரி?
— இரண்டாம் ஆண்டு மாணவி, கோத்தகிரி

பதில்: உங்கள் தோழியின் விடையை முதலில் முடித்துவிடுவோம், அது சுலபம். 30.17-க்கும் 32.23-க்கும் நடுவில் இருப்பது இரண்டு கிலோ சொச்சம். மூட்டைக்கு மூட்டை எடை மாறுவதோ 2.5 கிலோ திட்டவிலக்கத்தில். எடைகள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், அந்த இரண்டு கிலோ இடத்துக்குள் விழக்கூடியவை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 25 மூட்டையில் எட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். 95% எங்கே, எட்டு மூட்டை எங்கே!

இன்னும் சந்தேகம் இருந்தால் 25-க்குப் பதில் 2,500 மூட்டை எடை போட்டதாக நினைத்துப் பாருங்கள். திட்டவிலக்கம் அதே 2.5. சராசரியின் ஆட்டத்தை அளக்கும் திட்டப்பிழை மட்டும் 2.5-ஐ 2,500-இன் வர்க்கமூலமான 50-ஆல் வகுத்து 0.05 ஆகிவிடும். இடைவெளி 31.10 முதல் 31.30 வரை என்று சுருங்கிவிடும். நாம் நிறைய மூட்டைகளை எடை போட்டோம் என்பதற்காக, தோட்டத்து மூட்டைகளில் 95 விழுக்காடு 200 கிராம் அகலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமா என்ன? இந்த இடைவெளி சராசரியைப் பற்றியது, தனித்தனி மூட்டையைப் பற்றியது அல்ல. அடுத்து வரப்போகும் ஒரு மூட்டைக்கு 95% எல்லை வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. உங்கள் எண்களை வைத்துப் போட்டால் ஏறத்தாழ 25.9 முதல் 36.5 வரை வரும். எவ்வளவு அகலம் பாருங்கள்.

சரி, இனி உங்கள் விடை. இது அவ்வளவு லேசில் விடக்கூடியது அல்ல. ஏனென்றால் நீங்கள் எழுதியது காதுக்குச் சரியாகவே கேட்கும். 2014-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், நம்பிக்கை இடைவெளி பற்றிய ஆறு வாக்கியங்களை உளவியல் துறையினரிடம் கொடுத்து, எவை சரி என்று கேட்டார்கள். ஆறுமே தவறானவை. அவற்றில் ஒன்று நீங்கள் எழுதிய அதே வாக்கியத்தின் மாதிரிதான். 120 ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். சராசரியாக மூன்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்களுக்கு "சரி" போட்டிருந்தார்கள். முதலாண்டு மாணவர்களின் நிலையும் கிட்டத்தட்ட அதேதான். படித்துப் பட்டம் வாங்கி ஆய்வு செய்கிறவர்களே வழுக்குகிற இடம் இது.

எங்கே வழுக்குகிறது என்பதை உங்கள் குறிப்பிலேயே காட்டிவிடலாம். நோட்டைத் திறந்து அந்த வரியைப் பாருங்கள். இப்படித்தான் இருக்கும்:

```
P( X̄ − 2.064·S/√n  <  μ  <  X̄ + 2.064·S/√n ) = 0.95
```

2.064 என்பது 24 கட்டின்மை எண்ணுக்கான t அட்டவணை மதிப்பு. இந்த வரியில் X̄, S இரண்டும் பெரிய எழுத்து. அவை இன்னும் மூட்டை எடுக்காத நிலையில் உள்ள சமவாய்ப்பு மாறிகள். எந்த 25 மூட்டை கைக்கு வரும் என்று தெரியாததால், அவற்றின் சராசரி என்ன ஆகும் என்றும் தெரியாது. ஆகவே இரண்டு முனைகளும் ஆடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் நிற்கிற μ ஆடவில்லை. அது தோட்டத்து மூட்டைகள் எல்லாவற்றின் சராசரி எடை. நமக்குத் தெரியாத ஒரு எண், ஆனால் ஒரே எண். 0.95 என்ற நிகழ்தகவு ஆடுகிற முனைகளுக்கு உரியது.

குறிப்பின் அடுத்த வரியில் எடை போட்டாகிவிட்டது. X̄ இருந்த இடத்தில் 31.2 வந்தது, S இருந்த இடத்தில் 2.5 வந்தது. 2.5-ஐ 5-ஆல் வகுத்தால் 0.5, அதை 2.064-ஆல் பெருக்கினால் 1.03. முனைகள் 30.17, 32.23. இதுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் பலரும் பழைய வரியின் P-யையும் 0.95-ஐயும் அப்படியே இழுத்து வந்துவிடுகிறார்கள்:

```
P( 30.17 < μ < 32.23 ) = 0.95
```

இந்த வரியில் சமவாய்ப்பு மாறி எது என்று விரலை வைத்துத் தேடுங்கள். 30.17 ஓர் எண், 32.23 ஓர் எண், μ-வும் ஓர் எண். ஆடுவதற்கு எதுவுமே மிச்சமில்லை. μ 31.0 ஆக இருந்தால் வாக்கியம் உண்மை, நிகழ்தகவு 1. μ 32.5 ஆக இருந்தால் பொய், நிகழ்தகவு 0. நடுவில் 0.95-க்கு இடமே இல்லை. இதில் கையெழுத்தும் ஒரு சதி செய்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் பெரிய X, சின்ன x என்று கவனமாக எழுதியிருந்தாலும், நாம் அவசரத்தில் நோட்டில் எழுதும்போது இரண்டும் ஒரே பெருக்கல் குறியாகத்தான் விழும். மாறி எது, மதிப்பு எது என்ற வேறுபாடு அங்கேயே தொலைந்துவிடுகிறது. உங்கள் நோட்டிலும் அப்படி இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

"இதெல்லாம் சும்மா எழுத்துச் சண்டை. μ தெரியாது என்பதால் 95% வாய்ப்பு என்று சொன்னால் என்ன குடி முழுகிவிடும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இலை வாங்கும் இடத்தில் ஒரு பழைய தராசு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது உண்மை எடையிலிருந்து 500 கிராம் குறைவு முதல் 500 கிராம் அதிகம் வரை எதை வேண்டுமானாலும் காட்டும். எல்லாப் பிழைக்கும் சம வாய்ப்பு, ஒவ்வொரு முறையும் பிழை புதிதாக வரும். ஒரே மூட்டையை இரண்டு முறை வைத்து எடுக்கிறோம். சின்ன அளவிலிருந்து பெரிய அளவு வரை உள்ளதை நம் இடைவெளி என்கிறோம். ஒரு தடவை குறைத்தும் ஒரு தடவை கூட்டியும் காட்டினால் உண்மை எடை உள்ளே மாட்டும். இரண்டு தடவையும் ஒரே பக்கம் போனால் மாட்டாது. ஆக, பாதிக்குப் பாதி. இது முறைப்படியான 50% நம்பிக்கை இடைவெளி. எந்தத் தேர்வாளரும் இதில் குறை சொல்ல முடியாது.

இப்போது ஒரு மூட்டைக்கு 31.05, 31.70 என்று வருகிறது. வித்தியாசம் 650 கிராம். இரண்டு பிழையும் ஒரே பக்கம் இருந்திருந்தால் வித்தியாசம் 500 கிராமைத் தாண்டியிருக்கவே முடியாது. எனவே உண்மை எடை இவற்றுக்கு நடுவில்தான் இருக்கிறது, சந்தேகமே இல்லை. அப்புறம் இன்னொரு மூட்டைக்கு 31.40, 31.42 என்று வருகிறது. இந்த இரண்டு அளவுகளிலிருந்து பார்த்தால் உண்மை எடை 30.92 முதல் 31.90 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அந்த 980 கிராம் நீளத்தில் நம் இடைவெளி பிடித்திருப்பது வெறும் 20 கிராம். இப்படி 20 கிராம் வித்தியாசம் வந்த தடவைகளை மட்டும் பிரித்துவைத்து எண்ணினால், நூற்றுக்கு இரண்டு தடவைதான் உண்மை எடை உள்ளே இருக்கும்.

பாருங்கள், முறை ஒன்றுதான், அதன் 50% உறுதியும் பொய்யாகவில்லை. எல்லா மூட்டைகளையும் சேர்த்து எண்ணினால் சரியாகப் பாதி தடவை இடைவெளி ஜெயிக்கிறது. ஆனால் முதல் மூட்டையைக் காட்டி "இதற்குள் இருக்க 50% வாய்ப்பு" என்றால் அபத்தம், இரண்டாவதைக் காட்டிச் சொன்னாலும் அபத்தம். கைக்கு வந்த எண்கள் தாமே ஏதோ சொல்லிவிட்டன, முறையின் 50 அதைக் கேட்காது. உங்கள் t இடைவெளியில் இந்த முரண் இவ்வளவு பச்சையாக வெளியே தெரியாது. தெரியாததால்தான் தப்பான வாசிப்பு ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கிறது.

இந்த முறைக்கு முழு வடிவம் கொடுத்த ஜெர்சி நெய்மன் 1937-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். நிகழ்தகவு, மாதிரிக் கூறு எடுப்பதற்கு முன் முறைக்குப் பொருந்தும். கூறு எடுத்து எண்கள் வந்தபின் அந்தக் குறிப்பிட்ட இடைவெளி μ-ஐப் பிடித்ததா இல்லையா என்பதற்கு 1 அல்லது 0 தவிர வேறு நிகழ்தகவு கிடையாது என்பது அவர் வாதம். உங்கள் விடைத்தாளில் சிவப்பு மை போட்டவர் தன் இஷ்டத்துக்குப் போடவில்லை.

கல்லூரிக் கணினியில் R என்ற புள்ளியியல் மென்பொருள் இருந்தால் இதை நேரிலேயே பார்த்துவிடலாம். கணினிக்குள் μ நமக்குத் தெரியும், 31 என்று நாமே வைக்கிறோம். ஆயிரம் முறை 25 மூட்டைகளை எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் இடைவெளி 31-ஐப் பிடித்ததா என்று எண்ணச் சொல்லுங்கள்:

```r
pidi <- replicate(1000, {
  x  <- rnorm(25, mean = 31, sd = 2.5)
  ci <- t.test(x)$conf.int
  ci[1] < 31 & 31 < ci[2]
})
mean(pidi)
```

0.95-ஐ ஒட்டி ஒரு விடை வரும். மறுபடி ஓட்டினால் 0.94, 0.96 என்று லேசாக மாறும், பரவாயில்லை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வேலை: `head(pidi, 40)` என்று தட்டுங்கள். TRUE TRUE TRUE என்று வரிசையாக வந்து, நடுவில் எங்கோ ஒன்றிரண்டு FALSE தலைகாட்டும். ஒன்றுகூட வராமலும் போகலாம், அப்படியானால் மறுபடி ஓட்டுங்கள். எந்த இடத்திலும் 0.95 என்று இருக்காது. ஒவ்வொன்றும் பிடித்தது அல்லது விட்டது. 95 என்பது அந்த ஆயிரத்துக்கும் சேர்த்துத்தான் உண்டு. உங்கள் 30.17–32.23 அந்த வரிசையில் ஒரே ஒரு இடம். அது TRUE-வா FALSE-ஆ என்று உங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஆகவே தேர்வில் இப்படி எழுதுங்கள்: "இதே தோட்டத்தின் மூட்டைகளிலிருந்து இதே முறையில் மீண்டும் மீண்டும் 25 மூட்டைகளைச் சமவாய்ப்பு முறையில் எடுத்து, ஒவ்வொரு கூறுக்கும் இடைவெளி கணித்தால், அந்த இடைவெளிகளில் சுமார் 95% உண்மைச் சராசரியை உள்ளடக்கும். நம் கூறிலிருந்து கிடைத்த இடைவெளி 30.17 முதல் 32.23 கிலோ வரை." நீளம்தான். சுருக்கமாக வேண்டுமானால் "95% நம்பிக்கையுடன் μ 30.17-க்கும் 32.23-க்கும் இடையில் உள்ளது" என்று எழுதலாம். நீளமான வாக்கியத்தின் சுருக்க வடிவமாக அதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். "நிகழ்தகவு" என்ற சொல்லையும் P என்ற எழுத்தையும் மட்டும் அங்கே கொண்டுவராதீர்கள்.

"மீண்டும் மீண்டும்" என்பதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் சரிகிறவர்களும் உண்டு. "மறுபடி 25 மூட்டை எடுத்தால் அதன் சராசரி 30.17-க்கும் 32.23-க்கும் நடுவில் விழ 95% வாய்ப்பு" என்பார்கள். அதுவும் இல்லை. புதிய சராசரியும் ஆடும், நம் பழைய சராசரியும் ஏற்கெனவே μ-விலிருந்து கொஞ்சம் விலகி உட்கார்ந்திருக்கும். இரண்டு விலகலும் சேர்வதால், பொதுவாகப் பார்த்தால் அந்த வாய்ப்பு 83 விழுக்காடு அளவில்தான் வரும்.

ஒரு விஷயத்தில் மட்டும் உங்களுக்கு ஆதரவாகப் பேச வேண்டும். "இந்த இடைவெளிக்குள் μ இருக்க 0.95 வாய்ப்பு" என்று சொல்ல ஆசைப்படுவது தப்பில்லை, அதற்கென்று தனி வழியே இருக்கிறது. பேயீஸ் தேற்றத்தின் வழியில் போகிறவர்கள் μ-வையே சமவாய்ப்பு மாறியாக எடுத்துக்கொண்டு, எடை போடும் முன் அதைப் பற்றித் தெரிந்ததையும் கணக்கில் சேர்ப்பார்கள். முன்பு எதுவுமே தெரியாது என்று வைத்தால், உங்கள் கணக்குக்கு அங்கேயும் அதே 30.17, 32.23 வந்து நிற்கும். அதனால்தான் பலருக்குக் குழப்பம். ஆனால் எதுவுமே தெரியாது என்பது நிஜமா? உங்கள் அப்பாவைக் கேளுங்கள். பல வருடம் மூட்டை தூக்கியவர், "நம்ம சாக்குல 30 கிலோவுக்கு மேல போச்சுன்னா அது மழையில பறிச்ச இலை" என்று சொன்னாலும் சொல்வார். அந்தத் தகவல் கணக்குக்குள் வந்தால் விடை கீழே இறங்கும். அதைச் சேர்க்காத இடைவெளியின் மேல் 0.95 என்று வாய்ப்பு ஏற்றுவது, அப்பா சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விட்டதற்குச் சமம்.

மழை இலை என்றதும் அப்பா கேட்ட கேள்விக்கே வந்துவிடலாம். 95 எதற்குப் பிரயோஜனம் என்றால், எந்த 25 மூட்டை கையில் மாட்டியது என்ற தற்செயலால் வரும் ஆட்டத்துக்கு மட்டும் அது பதில் சொல்கிறது. 25 மூட்டையை வைத்து மொத்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு தூரம் தவறலாம் என்பதற்கு ஒரு கிலோ என்ற அளவு கிடைக்கிறது. யாராவது வந்து "உங்கள் மூட்டை சராசரி 33 கிலோ" என்றால், இந்த எடைகளோடு அது ஒத்துப்போகவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 32 என்றால் மறுக்க முடியாது. அவ்வளவுதான் அதன் வேலை.

அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாந்துபோவோம். நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழையில் பறித்த கொழுந்தின் மேல் தண்ணீர் ஒட்டியிருக்கும், சாக்கும் நனைந்திருக்கும். ஆலையில் ஈரத்துக்கென்று எடையைக் கழிப்பது எல்லா விவசாயிகளுக்கும் தெரிந்த சங்கதி. உங்கள் குறிப்பில் உள்ள 25 மூட்டையும் ஒரே மழை வாரத்தில் எடுத்தவை, ஒவ்வொன்றும் இரண்டு கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு கிலோ நான்கு திட்டப்பிழைக்குச் சமம். அப்போது 95% என்று பெயர் வைத்த இடைவெளி, ஆண்டு முழுவதற்குமான உண்மைச் சராசரியை நூற்றுக்கு ஒரு சில தடவைதான் பிடிக்கும். சூத்திரம் இதைக் கண்டுபிடிக்காது. 25-ஐ 2,500 ஆக்கினால் நிலைமை இன்னும் மோசம். தப்பான இடத்தைச் சுற்றி இடைவெளி இறுகிக்கொள்ளும்.

ஒரே நாளில் ஒரே ஆள் கட்டிய மூட்டைகளிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். சிலர் சாக்கை அமுக்கி நிரப்புவார்கள், சிலர் தளர்வாக விடுவார்கள். ஒருவர் கட்டியது ஒன்றையொன்று ஒத்திருக்கும். 25 என்று எண்ணிக்கை இருந்தாலும் அதில் தனித்தனியான தகவல் 25 இருக்காது. n என்ற இடத்தில் 25 போட்டால் இடைவெளி நியாயமான அளவைவிடக் குறுகலாக வரும்.

வீட்டில் சோதித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் 25 மூட்டையை ஒரே நாளில் எடை போட்டு முடித்துவிடாதீர்கள். பறிப்பு நடக்கிற நாள்களுக்குச் சீட்டுப் போட்டு, விழுந்த நாள் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மூட்டையை, அதையும் சீட்டுப் போட்டே தேர்ந்தெடுத்து எடை போடுங்கள். எடைக்குப் பக்கத்தில் தேதி, மழையா வெயிலா, யார் கட்டியது என்று மூன்றையும் அப்பாவையே எழுதச் சொல்லுங்கள். ஈர நாள்களும் வெயில் நாள்களும் எண்களில் தனித்தனியாகப் பிரிந்து நின்றால், ஒரே இடைவெளியாகப் போடாமல் இரண்டையும் தனியாகக் கணக்கிட்டு எனக்கு அனுப்புங்கள், பார்ப்போம்.